ஆண்டு சேல்ஸ் மீட்டிங்கோட முதல் ஸ்பீச்: புதுசா ரீஜினல் ஹெட் ஆனவங்களுக்கு ஒரு வழிகாட்டி

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சென்னை ரீஜனுக்கு சேல்ஸ் ஹெட் ஆனேன். சோப்பு, ஷாம்பு, பேஸ்ட் விக்கிற கம்பெனி. ஆகி நாலாவது மாசமே ஆண்டு மீட்டிங், தொடக்க உரை நான்தான். முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்கு உக்காந்து எழுதினேன், எக்செல்ல அச்சீவ்மென்ட் சதவீதத்த பெருசுல இருந்து சிறுசா அடுக்கி மேல இருந்த பேர நம்பர் ஒன்னுனு அறிவிச்சேன். பின் வரிசைல யாரோ "ஓஹோ"ன்னு இழுத்தாங்க, நாலஞ்சு பேர் தலைய குனிஞ்சுக்கிட்டு சிரிச்சாங்க. ஏன்னு எனக்கு மே மாசம்தான் புரிஞ்சுது. அந்த கூத்து உங்களுக்கு நடக்க வேணாம்னுதான் இத எழுதறேன்.

ஸ்பீச்சுன்னா மொழி, மேடை பயம் இதெல்லாம்தான்னு நெனச்சுடாதீங்க. எதிர்ல உக்காந்திருக்கறவங்க எல்லாருக்கும் நம்பர் தெரியும், யாரு எப்படி அந்த நம்பர கொண்டு வந்தாங்கன்னும் தெரியும். அதனால இந்த வேலைல முக்கால்வாசி நேரம் பேப்பர் பார்க்கறதுதான்.

1. தேதிய முதல்ல சரியா பிடிங்க

மார்ச் 31 முடிஞ்ச உடனே ஏப்ரல் 4, 5ல மீட்டிங் வைக்கலாம்னு மேலருந்து சொல்வாங்க, சூட்டோட சூடா இருக்கட்டும்னு. முடிஞ்சா ஒத்துக்காதீங்க. மார்ச் கடைசி வாரத்துல போட்ட பில்லுல எது உண்மையிலேயே டிஸ்ட்ரிபியூட்டர் குடோன்ல இறங்குச்சு, எது லாரியோட திரும்பி வந்துச்சுன்னு தெரிய எங்களுக்கு பத்து நாளாவது ஆகுது. ஏப்ரல் 14 புத்தாண்டு லீவு. அது முடிஞ்சு ஏப்ரல் மூணாவது வாரம்னா நம்பர் ஓரளவுக்கு உறைஞ்சிருக்கும். முகூர்த்த நாள தவிர்த்துடுங்க, ஹோட்டல் ஹால் கிடைக்கறதே கஷ்டம், கிடைச்சாலும் ரேட்டு ஏத்திடுவாங்க.

ஸ்பீச் வேலைய மீட்டிங்குக்கு மூணு வாரம் முன்னாடியே ஆரம்பிங்க. முதல் ரெண்டு வாரம் பேப்பர், கடைசி வாரம்தான் எழுத்து.

2. கைல இருக்க வேண்டிய பேப்பர்

நாலு போதும், ஆனா நாலும் வேணும்.

ஒன்னு, டெரிட்டரி வாரியா பன்னெண்டு மாசத்துக்கும் பிரைமரி, அதாவது நாம டிஸ்ட்ரிபியூட்டருக்கு போட்ட பில். வருஷ மொத்தம் மட்டும் குடுத்தா வாங்கிக்காதீங்க, மாசம் மாசமா கேளுங்க. ரெண்டு, செகண்டரி, டிஸ்ட்ரிபியூட்டர் கடைகளுக்கு வித்தது, கூடவே மார்ச் 31 குளோசிங் ஸ்டாக். டிஎம்எஸ் சாஃப்ட்வேர்ல இருந்து நேரா எடுக்கச் சொல்லுங்க, ஏஎஸ்எம் அனுப்பற ஷீட்ட நம்ப வேணாம். மூணு, அவுட்ஸ்டாண்டிங், எத்தன நாளா நிக்குதுங்கறதோட. நாலாவதுதான் எல்லாரும் மறக்கறது: யாரு எந்த மாசம் எந்த டெரிட்டரிக்கு வந்தாங்க, யாரு மாறிப் போனாங்கன்னு எச்ஆர்கிட்ட இருந்து ஒரு லிஸ்ட். எட்டு மாசம் ஒருத்தர் உழைச்ச டெரிட்டரிய கடைசி நாலு மாசம் வந்தவர் பேர்ல வாசிச்சீங்கன்னா, அந்த முதல் ஆளு அதே ஹால்லதான் உக்காந்திருப்பாரு.

இத எல்லாம் பார்க்கும்போது வருஷத்துல நடந்ததையும் மனசுல வெச்சுக்கிட்டு பாருங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து சோப்பு, ஷாம்பு, பேஸ்ட் எல்லாம் ஜிஎஸ்டி 18ல இருந்து 5க்கு வந்துச்சுல்ல, அதுக்கு முந்தின வாரங்கள்ல பழைய எம்ஆர்பி சரக்கு தேங்கிடும்னு எங்க டிஸ்ட்ரிபியூட்டருங்க கைய கட்டிக்கிட்டாங்க. தீபாவளியும் 2024ல அக்டோபர் 31, 2025ல அக்டோபர் 20. இது ரெண்டையும் கணக்குல எடுக்காம "செப்டம்பர்ல நீங்க தூங்கிட்டீங்க"ன்னு மேடைல சொன்னா ஹால்ல ஒருத்தரும் அப்புறம் காது குடுக்க மாட்டாங்க.

3. யாரு டாப்புங்கறத நீங்களே கணக்கு போடுங்க

இதுதான் நான் கோட்ட விட்ட இடம், அதனால மெதுவா சொல்றேன்.

அந்த வருஷம் என் லிஸ்ட்ல மேல இருந்தவர் தாம்பரம் பக்கம் பாக்கற மூத்தவர். வருஷ டார்கெட் 4.80 கோடி, பண்ணது 5.47 கோடி, 114 சதவீதம். எட்டாவது இடத்துல இருந்தது ராயபுரம் பக்கம் பாக்கற ஒரு தம்பி. டார்கெட் 3.60 கோடி, பண்ணது 3.71 கோடி, 103 சதவீதம். பார்த்த உடனே யாருக்கு ஷீல்டுன்னு கேள்வியே இல்லாத மாதிரிதான் இருந்துச்சு.

இப்ப மாசக் கணக்க பிரிச்சு பாருங்க. மூத்தவர் மார்ச்ல மட்டும் 96 லட்சம் போட்டிருக்காரு, மத்த பதினொரு மாசத்தோட சராசரி 41 லட்சம். மார்ச்ல கடைக்கு போன செகண்டரி 43 லட்சம்தான். அப்ப மிச்சம் எங்க? டிஸ்ட்ரிபியூட்டர் குடோன்ல. மார்ச் ஆரம்பத்துல அங்க இருந்த ஸ்டாக் 30 லட்சம், அதோட 96 வந்து 43 போச்சுன்னா மாசக் கடைசில 83 லட்சம் (மார்ஜின் வித்தியாசத்த விட்டுட்டு குத்துமதிப்பா சொல்றேன்). மாசம் 43 லட்சம் விக்கிற இடத்துல 83 லட்சம்னா கிட்டத்தட்ட 58 நாள் சரக்கு. எங்க கம்பெனி வழக்கம் 21ல இருந்து 25 நாள். ராயபுரத்துல அதே கணக்கு: ஆரம்ப ஸ்டாக் 22 லட்சம், வந்தது 34, போனது 32, மிச்சம் 24 லட்சம், 22, 23 நாளுக்கு வரும். சுத்தமான கணக்கு.

மூத்தவர் குடோன்ல கூடுதலா ஏறின 53 லட்சத்த கழிச்சா அவரோட 5.47 கோடி 4.94 கோடி ஆகுது, அதுவும் 103 சதவீதம்தான். ஆக ரெண்டு பேரும் ஒரே இடத்துல நிக்கறாங்க. அதுக்கப்புறம் பாக்க வேண்டியது கடை எண்ணிக்கை. ராயபுரம் தம்பி மாசம் பில் போடற கடைய 1,150ல இருந்து 1,420க்கு ஏத்தியிருந்தாரு, தாம்பரத்துல அது அசையவே இல்ல. ஷீல்டு யாருக்கு போயிருக்கணும்னு இப்ப சொல்லுங்க.

நான் மூத்தவருக்கு குடுத்தேன். மே மாசம் அந்த டிஸ்ட்ரிபியூட்டர் போன் பண்ணி "சார், உங்காளு ஷீல்டு வாங்கிட்டாரு, நான் குடோனுக்கு ரெண்டாவது வாடகை கட்டறேன்"னாரு. ஏப்ரல், மே ரெண்டு மாசமும் அங்க பில்லே போட முடியல. பின் வரிசை சிரிப்புக்கு அர்த்தம் அப்பதான் விளங்குச்சு.

அதனால லிஸ்ட்ல முதல் பத்து பேருக்கும் இந்த மூணு கேள்விய போடுங்க: மார்ச் பிரைமரி மத்த மாச சராசரிய விட ஒன்றரை மடங்குக்கு மேல இருக்கா, குளோசிங் ஸ்டாக் எத்தன நாளுக்கு வருது, பில் போடற கடை கூடியிருக்கா. முதல் கேள்விலயே மாட்டினவங்கள உடனே வெட்டிடாதீங்க, சில பேருக்கு மார்ச்ல புது டிஸ்ட்ரிபியூட்டர் வந்திருப்பாரு, முதல் ஸ்டாக் ஏத்தினதுல நம்பர் வீங்கும். போன் போட்டு கேட்டா தெரிஞ்சுடும்.

இன்னொரு பொறி: நீங்க எடுத்த பேர மீட்டிங் வரைக்கும் யாருக்கும் சொல்லாம வெச்சிருந்தா, கடைசில அந்த ஆளு மேல ஏதாவது விசாரணை நடக்குதுன்னு எச்ஆர் மேடைக்கு பக்கத்துல வந்து காதுல சொல்வாங்க. அஞ்சு நாள் முன்னாடி எச்ஆர், ஃபைனான்ஸ் ரெண்டு பேர்கிட்டயும் மெயில்ல "ஆட்சேபணை இல்ல"ன்னு வாங்கிடுங்க.

4. ஷீல்டு, பணம், செலவு

எத்தன பேருக்குன்னா நாலு, மிஞ்சினா அஞ்சு. முதல் வருஷம் நான் பதினேழு பேர கூப்பிட்டேன், அறுபது பேர் இருக்கற ஹால்ல பதினேழு பேர் மேடை ஏறினா, ஏறாதவங்கதான் கண்ணுக்கு தெரிவாங்க.

பேர் பொறிச்ச அக்ரிலிக் ஷீல்டு எங்களுக்கு ஒன்னு 700ல இருந்து 1,200 வரைக்கும் ஆச்சு, மரத்துல பண்ணா அதுக்கு மேல. மூணு நாள் டைம் கேப்பாங்க, நீங்க ஆறு நாள் முன்னாடி குடுங்க, ஏன்னா முதல் தடவ பேர தப்பாதான் அடிப்பாங்க. இனிஷியலோட, அந்த ஆளு ஆதார்ல எப்படி இருக்கோ அப்படி எழுதி குடுத்து, அடிக்கறதுக்கு முன்னாடி ப்ரூஃப வாட்ஸ்அப்ல வாங்கி பாருங்க. பொன்னாடைக்கு தனியா ஒரு ரெண்டாயிரம் ஒதுக்குங்க.

பணமா குடுக்கறதா இருந்தா அது சம்பளத்தோடதான் சேரும், டிடிஎஸ் பிடிப்பாங்க. மேடைல "இருபத்தஞ்சாயிரம்"னு சத்தமா சொல்லிட்டு கைக்கு குறைச்சலா வந்தா அந்த ஆளு வீட்டுல பதில் சொல்லணும். "வரி பிடித்தம் போக"ன்னு அந்த மூணு வார்த்தைய கார்டுலயே எழுதி வெச்சுக்கங்க. டிஸ்ட்ரிபியூட்டருக்கும் ஏதாவது குடுக்கறீங்கன்னா, பரிசோ டூரோ, வருஷத்துல 20,000 ரூபாய்க்கு மேல போனா 10 சதவீதம் டிடிஎஸ் உண்டு, 2022 ஜூலைல இருந்து இருக்கற ரூல் இது. அவர் பான் நம்பர் இல்லாம ஃபைனான்ஸ் பரிசுக்கு பணம் விடாது.

5. ஒவ்வொருத்தருக்கும் ஒரு சம்பவம்

"கடின உழைப்பாளி, எல்லாருக்கும் எடுத்துக்காட்டு"ன்னு நாலு பேருக்கும் ஒரே வரிய வாசிச்சா கைதட்டலும் ஒரே மாதிரி தேமேன்னு வரும். ஒவ்வொருத்தருக்கும் அந்த ஆளுக்கு மட்டும் பொருந்தற ஒரு சம்பவம் வேணும், அத அவர்கிட்டயே கேட்டா சொல்ல மாட்டாரு, கூச்சப்படுவாரு. டிஸ்ட்ரிபியூட்டரோட சேல்ஸ்மேனுக்கு போன் பண்ணுங்க. நான் ரெண்டாவது வருஷம் அப்படித்தான் பண்ணேன், கிடைச்சது இது, மேடைல அப்படியே சொன்னேன்:

"காசிமேட்டுல காலைல அஞ்சு மணிக்கெல்லாம் கடை திறந்து ஒன்பது மணிக்கு சாத்திடுவாங்க. நம்ம ஆளுங்க பத்தரைக்கு போய் கடை மூடியிருக்குன்னு மூணு வருஷமா ரிப்போர்ட் போட்டுட்டு இருந்தோம். இவரு வியாழக்கிழமை பீட்ட மட்டும் காலைல ஆறு மணிக்கு மாத்தினாரு. அந்த ஒரு பீட்ல மட்டும் 34 கடை புதுசா பில் ஆச்சு."

இதுக்கு வந்த கைதட்டல் ஷீல்டுக்கு வரல. மீட்டிங் முடிஞ்சு ரெண்டு பேர் வந்து "எங்க ஏரியாலயும் மார்க்கெட் டைம் மாத்தி பாக்கலாமா சார்"னு கேட்டாங்க, பாராட்டோட வேலை அதான்.

கடைசி இடத்துல இருக்கறவங்க பேர எக்காரணம் கொண்டும் மேடைல எடுக்காதீங்க, ஜோக்கா கூட வேணாம். அது தனி ரூம்ல பேசற பேச்சு.

6. அடுத்த வருஷத்துக்கு ஒன்னே ஒன்னு

முதல் வருஷம் நான் ஏழு விஷயம் சொன்னேன். ஸ்லைடுல ஏழு வட்டம் போட்டிருந்தேன், கலர் கலரா. ஜூன்ல ஒரு பையன்கிட்ட இந்த வருஷம் நம்ம ஃபோகஸ் என்னன்னு கேட்டேன், "குரோத் சார்"னான். தப்பு அவன் மேல இல்ல.

ஒரு சேல்ஸ்மேன் கடை வாசல்ல நிக்கும்போது ஞாபகம் வர்ற மாதிரி ஒன்னு வேணும். நாங்க எடுத்தது "விட்டுப்போன கடை". அதாவது முன்னாடி வாங்கிட்டு இருந்து மூணு மாசமா பில்லே ஆகாத கடை. கணக்கு இப்படி: எங்க ரீஜன்ல 62 சேல்ஸ்மேன், ஆளுக்கு வாரத்துக்கு 6 பீட். ஒரு பீட்டுக்கு ரெண்டு கடைய திருப்பி கொண்டு வந்தா ஒருத்தருக்கு 12, மொத்தம் 744 கடை. ஒரு கடை மாசம் 1,800 ரூபாய்க்கு வாங்கினா மாசம் 13.4 லட்சம், வருஷத்துக்கு 1.6 கோடி. ரீஜன் மொத்தம் 40 கோடி, அதுல இது 4 சதவீதம்.

கவனிங்க, எங்க வளர்ச்சி டார்கெட் 10 சதவீதம். இந்த ஒன்னே 10ஐயும் கொண்டு வந்துடும்னு நான் சொல்லல, சொன்னா பின் வரிசை கால்குலேட்டர எடுத்துடுவாங்க. "இதுல 4 வரும், மிச்சம் புது பேக்குலயும் சூப்பர் மார்க்கெட்லயும் வரணும், அத அந்தந்த டீம் பாத்துக்கும், நீங்க இந்த ரெண்டு கடைய பாருங்க"ன்னு பிரிச்சு சொன்னேன். எல்லாமும் உன் தலைலன்னு சொல்லாம இருந்ததே பாதி பேருக்கு நிம்மதி.

இந்த இடத்துல இருக்கற பெரிய பொறி வாக்குறுதி. ஹெட் ஆபீஸ்ல இருந்து அப்ரூவல் மெயில் கைக்கு வராத எந்த இன்சென்டிவையும் சொல்லாதீங்க. "வரும்னு நெனக்கறேன்"னு நீங்க சொன்னத அவங்க "வருது"ன்னுதான் வீட்டுல போய் சொல்வாங்க. தனி ஆள் டார்கெட்டும் அப்படித்தான், லெட்டர் ரெடியா இல்லாம மேடைல நம்பர் வாசிச்சா மீதி நாள் முழுக்க ஹால்ல அத பத்திதான் முணுமுணுப்பு.

7. எழுதற முறை, நேரம்

மொத்தம் பன்னெண்டு நிமிஷம். வரவேற்பு ஒரு நிமிஷம், போன வருஷம் மூணு, பாராட்டு அஞ்சு, அடுத்த வருஷம் மூணு. மேடைல இருக்கற பெரியவங்க பேர எல்லாம் அடைமொழியோட வாசிக்கற வேலைய காம்பியர் பண்றவர்கிட்ட விட்டுடுங்க.

தமிழ்ல பேசுங்க. எங்க ஹால்ல இங்கிலீஷ்ல வசதியா கேக்கறவங்க பத்து பேர் இருந்தா அதிகம். மும்பைல இருந்து நேஷனல் ஹெட் வர்றாருன்னா அவருக்கு ஒரு பக்கம் இங்கிலீஷ்ல சுருக்கம் பிரிண்ட் பண்ணி முன்கூட்டியே கைல குடுத்துடுங்க, அவருக்காக ஹால் முழுக்க இங்கிலீஷ் கேக்க வேணாம்.

தொடக்கத்துல நான் தடுமாறினேன், "இந்த பொன்னான தருணத்தில்"னு ஆரம்பிச்சா கல்யாண பத்திரிக்கை மாதிரி இருக்கு. ரெண்டாவது வருஷம் இப்படி ஆரம்பிச்சேன்: "எல்லாருக்கும் வணக்கம். நேத்து வரைக்கும் உங்க பெண்டிங் கிளெய்ம் 41 இருந்துச்சு. அதுல 33 முடிஞ்சுது. மிச்ச எட்டு எது, ஏன் நிக்குதுன்னு வெளிய போர்டுல ஒட்டியிருக்கேன், டீ டைம்ல பாருங்க. இப்ப போன வருஷத்த பத்தி பேசலாம்." டேமேஜ் கிளெய்ம், டிஸ்பிளே பணம் எல்லாம் நிக்கும்போது வளர்ச்சி பத்தி பேசினா யாரு கேப்பாங்க? முதல்ல அவங்க மனசுல இருக்கறத எடுத்து வெச்சுட்டா அப்புறம் உங்களுக்கு இடம் கிடைக்கும். ஆனா இத சொல்லணும்னா முந்தின ரெண்டு வாரம் ஃபைனான்ஸ் ஆளு பின்னாடி அலையணும், நான் அலைஞ்சேன்.

எழுதினத பெரிய எழுத்துல பிரிண்ட் எடுங்க. நம்பர எல்லாம் "ஐநூத்தி நாப்பத்தேழு லட்சம்"னு வாயால சொல்ற மாதிரி எழுதி வெச்சா தடுக்காது. வீட்டுல ரெண்டு தடவ போன்ல டைமர் போட்டு சத்தமா வாசிங்க, மனசுக்குள்ள வாசிச்சா எட்டு நிமிஷம் காட்டும், மேடைல அதுவே பதினஞ்சாகும்.

8. அன்னிக்கு காலைல

அழைப்புல 9.30ன்னு போட்டா செங்கல்பட்டு, காஞ்சிபுரத்துல இருந்து பஸ்ல வர்றவங்க ஜிஎஸ்டி ரோட்டுல மாட்டி பத்தரைக்குதான் வருவாங்க. டிபன 9ல இருந்து வெச்சு, குத்துவிளக்க 10.30க்கு ஏத்துங்க. ஸ்பீச் அதுக்கு அடுத்ததா இருக்கட்டும், சாப்பாட்டுக்கு முன்னாடி கடைசியா மட்டும் வாங்கிக்காதீங்க, பிரியாணி வாசனையோட போட்டி போட முடியாது.

ஒரு மணி நேரம் முன்னாடி போய் மூணு வேலை. மைக்க நீங்களே பேசி பாருங்க. ஷீல்ட அறிவிக்கற வரிசைலயே டேபிள்ல அடுக்குங்க, முதல் வருஷம் ஒருத்தர் ஷீல்ட இன்னொருத்தர்கிட்ட குடுத்து போட்டோவும் எடுத்தாச்சு. வாங்கப் போறவங்க நாலு பேரும் நிஜமாவே வந்திருக்காங்களான்னு ரிஜிஸ்ட்ரேஷன் லிஸ்ட்ல பாருங்க. வரலன்னா யாரு வாங்கிக்கறதுன்னு அப்பவே முடிவு பண்ணிடுங்க.

9. அன்னிக்கு சாயந்தரமும் அடுத்த மாசமும்

சாயந்தரமே வாட்ஸ்அப் குரூப்ல நாலு பேர் போட்டோ, ஒவ்வொருத்தர் சம்பவமும் ரெண்டு வரில, கீழ "பீட்டுக்கு ரெண்டு கடை"ன்னு ஒரே வரி. ஆளாளுக்கு அவங்க பீட்ல விட்டுப்போன கடைகளோட லிஸ்ட டிஎம்எஸ்ல இருந்து எடுத்து அந்த வாரத்துக்குள்ள அனுப்பிடணும், அது போகலன்னா நீங்க சொன்னது அந்த ஹால்லயே நின்னுடும். மே மாச ரிவ்யூல முதல் கேள்வி பிரைமரியா இருக்க வேணாம், "எத்தன கடை திரும்ப வந்துச்சு"ன்னு கேளுங்க. நான் இந்த மே மாசம் கேட்டப்ப வந்த பதில் 744க்கு 118. தாம்பரம் மூத்தவர்தான் அதுல அதிகம், 21 கடை. மார்ச்ல அவர் 44 லட்சத்தோட நிறுத்திக்கிட்டாரு.